குழம்பு சுண்டினால் மேக்ரோ கணக்கு எப்படி மாறும்?

கேள்வி: எலும்பில்லாத கோழிக்கறி 800 கிராம் எடுத்து கிரேவி வைக்கிறேன். வெங்காயம், தக்காளி, தேங்காய், எண்ணெய் எல்லாவற்றையும் எடை போட்டுத்தான் ஆப்பில் ஏற்றுகிறேன். ஆனால் நன்றாகச் சுண்டவிட்டு இறக்கும்போது கடாயில் இருப்பது பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். தட்டில் 300 கிராம் போட்டுக்கொண்டால் அதில் எவ்வளவு புரதம், எவ்வளவு கலோரி என்று எந்த எடையை வைத்துப் போடுவது? ‘வெந்த கோழி’ என்று ஆப்பில் இருக்கும் பதிவை எடுத்துக்கொள்ளலாமா? அடுப்பில் ரோஸ்ட் செய்தாலும் இதே கணக்குதானா? மிச்சத்தை மறுநாள் சூடு பண்ணினால் மறுபடியும் மாறுமா?

பதில்:

பொருட்களைப் பச்சை எடையில் போட்டு மொத்த மேக்ரோவை, அதாவது புரதம், கொழுப்பு, மாவுச்சத்து மூன்றையும், கூடவே கலோரியையும் கண்டுபிடியுங்கள். அந்த மொத்தத்தை, சமைத்து முடித்த கிரேவியின் எடையால் வகுங்கள். பச்சை எடை மேலே, வெந்த எடை கீழே. இரண்டையும் இடம் மாற்றாமல் இருந்தால் போதும்.

காரணம் எளிது. கொதிக்கும் கடாயிலிருந்து ஆவியாக வெளியேறுவது தண்ணீர் மட்டுமே. புரதமும் கொழுப்பும் மாவுச்சத்தும் ஆவியாவதில்லை. எவ்வளவு சுண்டினாலும் கடாயில் இருக்கும் மொத்தப் புரதம் மாறாது. 100 கிராமில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் ஏறும். ஆகவே நீங்கள் எடை போட்டுச் சாப்பிடாமல், கிரேவியை நன்றாகக் கலந்து நான்கு டப்பாவில் சமமாகப் பிரித்து வைப்பவராக இருந்தால், தண்ணீரைப் பற்றிக் கவலையே வேண்டாம். மொத்தத்தை நான்கால் வகுத்தால் முடிந்தது. கடைசி எடை தேவைப்படுவது, அந்தப் பானையிலிருந்து இன்று 300 கிராம், நாளை 220 கிராம் என்று ஒழுங்கில்லாமல் எடுத்துச் சாப்பிடும்போதுதான்.

உங்கள் கிரேவியையே எடுத்துக்கொள்வோம். அளவுகளை நான் இப்படி வைத்துக்கொள்கிறேன்: தோல் நீக்கிய தொடைக்கறி 800 கிராம், வெங்காயம் 300, தக்காளி 250, நல்லெண்ணெய் 40, துருவிய தேங்காய் 60, தயிர் 100, இஞ்சி பூண்டு விழுது 30, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் சேர்ந்து 20, உப்பு 10, தண்ணீர் 500. எல்லாம் சேர்ந்து 2,110 கிராம்.

தோல் நீக்கிய தொடைக்கறியில் பச்சையாக 100 கிராமுக்குச் சுமார் 19.7 கிராம் புரதம், 4.1 கிராம் கொழுப்பு, 121 கலோரி. 800 கிராமுக்கு 158 கிராம் புரதம், 33 கிராம் கொழுப்பு, 968 கலோரி. எண்ணெய் முழுவதும் கொழுப்பு, 40 கிராமுக்கு 354 கலோரி. தேங்காய் சுமார் 212, வெங்காயம் 120, மசாலாத்தூளும் இஞ்சி பூண்டும் 93, தயிர் 61, தக்காளி 45. கூட்டினால் மொத்தம் ஏறத்தாழ 172 கிராம் புரதம், 100 கிராம் கொழுப்பு, 70 கிராம் மாவுச்சத்து, 1,850 கலோரி. இந்த நான்கு எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி அடுப்பில் என்ன நடந்தாலும் இவை மாறப்போவதில்லை.

இப்போது கிரேவியைச் சுண்டவிட்டு இறக்குகிறீர்கள். கடாயில் இருப்பது 1,350 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 760 கிராம் தண்ணீர் ஆவியாகிவிட்டது. 172-ஐ 1,350-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால், 100 கிராம் கிரேவியில் 12.7 கிராம் புரதம். அதே முறையில் கொழுப்பு 7.4, மாவுச்சத்து 5.2, கலோரி 137. உங்கள் 300 கிராம் தட்டில் 38 கிராம் புரதமும் 411 கலோரியும் இருக்கின்றன.

அந்த வகுத்தலை அடுப்பில் ஏற்றுவதற்கு முன் இருந்த 2,110-ஆல் செய்திருந்தால், அதே தட்டுக்கு 24 கிராம் புரதம், 263 கலோரி என்று வந்திருக்கும். ஏறக்குறைய 150 கலோரி கணக்கிலேயே வராமல் போகிறது. ‘கணக்குப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன், எடை குறையவே இல்லை’ என்பவர்களின் குறிப்பேட்டில் இந்தப் பிழையைத்தான் முதலில் தேடுவேன். பல ஆப்புகள் ரெசிபியில் போட்ட பொருட்களின் பச்சை எடையைக் கூட்டி, அதையே ரெசிபியின் எடை என்று எடுத்துக்கொள்ளும். நாமாக மாற்றாவிட்டால் அது தானாக மாறாது.

மாற்றுவதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. ரெசிபியில் ‘எத்தனை பேருக்கு’ என்று கேட்கும் இடத்தில் 4 அல்லது 6 என்று போடாமல், கடைசி எடையையே போடுங்கள்: 1,350. அப்போது ஒரு பங்கு என்பது ஒரு கிராம். சாப்பிடும்போது 300 பங்கு என்று பதிந்தால் போதும். அவ்வளவு பெரிய எண்ணை ஏற்காத ஆப்பாக இருந்தால் 13.5 என்று போட்டு, ஒரு பங்கை 100 கிராமாக வைத்துக்கொள்ளலாம். தசமத்தையும் ஏற்காவிட்டால் 135 என்று போட்டு ஒரு பங்கு 10 கிராம்.

கடைசி எடையை எப்படிப் பிடிப்பது

சமைக்கத் தொடங்குவதற்கு முன்பே காலிக் கடாயை எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதை மறந்துவிட்டால் பிறகு கிரேவியை வேறு பாத்திரத்துக்கு மாற்றித்தான் எடை போட முடியும். மாற்றும்போது கடாயின் ஓரத்தில் ஒட்டும் மசாலா அங்கேயே நின்றுவிடும். அந்த ஒட்டலில்தான் எண்ணெயும் அதிகம். அடிக்கடி சமைக்கும் கடாய்கள் இரண்டு மூன்றுதான் இருக்கும் என்பதால், அவற்றின் எடையைச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டால் வேலை தீர்ந்தது. கடாய் 1,240 கிராம், கிரேவியோடு 2,590 கிராம் என்றால் கிரேவி 1,350.

சூடான கடாயை நேராகத் தராசின் மேல் வைக்காதீர்கள். டிஜிட்டல் தராசுக்குள் இருக்கும் உணரி சூடேறினால் எண் நிற்காமல் நகரும். சில தராசுகளின் பிளாஸ்டிக் மேல்பகுதி நெளிந்தே போகும். ஒரு மரப்பலகையை வைத்து TARE அழுத்திப் பூஜ்ஜியமாக்கி, அதன் மேல் கடாயை வையுங்கள். தராசு எத்தனை கிலோ தாங்கும் என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். பெரும்பாலான வீட்டுத் தராசுகள் 5 கிலோ வரை போகும். கனமான வார்ப்பிரும்புச் சட்டியோ ஐந்து லிட்டர் குக்கரோ கறியோடு சேர்ந்தால் அந்த எல்லையை நெருங்கிவிடும். பிறகு, கரண்டி உள்ளேயே கிடக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். ஒரு இரும்புக் கரண்டி 100 கிராமைத் தாண்டும். மூடியை எடுத்துவிட்டு எடை போடுங்கள், ஆனால் மூடியின் உள்பக்கம் நிற்கும் தண்ணீரைக் கடாயிலேயே தட்டிவிட்டுப் பிறகு எடுங்கள்.

எப்போது எடை போடுவது? பரிமாறுவதற்குச் சற்று முன். அடுப்பை அணைத்த பிறகும் திறந்த கடாயிலிருந்து ஆவி போய்க்கொண்டே இருக்கும். அகலமான கடாய் என்றால் அரை மணியில் கணிசமாகவே குறையும். குக்கரில் வைப்பவர்களுக்கு விசில் வழியாகப் போகும் ஆவி குறைவு. திறந்த பிறகு கொதிக்கவிட்டுச் சுண்டவைப்பதில்தான் பெரும்பகுதி போகிறது. ஆகவே குக்கரைத் திறந்ததும் எடை போட்டுவிட்டு, பிறகு பத்து நிமிடம் சுண்டவிட்டால் அந்த எடைக்கு மதிப்பில்லை.

எடையில் ஐம்பது கிராம் முன்னே பின்னே போனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. 1,350-ல் ஐம்பது என்பது நான்கு சதவீதத்துக்கும் குறைவு. அதைவிடப் பெரிய ஓட்டை எண்ணெய். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 13 முதல் 14 கிராம், அதாவது 120 கலோரி. கண்ணளவில் ‘ரெண்டு ஸ்பூன்’ என்று பாட்டிலிலிருந்து ஊற்றியதில் ஒரு ஸ்பூன் கூடினாலே, கடைசி எடையை எவ்வளவு துல்லியமாகப் பிடித்தும் பயனில்லை. எண்ணெய் பாட்டிலைத் தராசில் வைத்து TARE அழுத்தி, ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். குறைந்த எண்தான் போட்ட எண்ணெய்.

கணக்கு சரிதானா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. 100 கிராமுக்கான புரதம், கொழுப்பு, மாவுச்சத்து மூன்றையும் கூட்டிப் பாருங்கள். நம் கிரேவியில் 12.7, 7.4, 5.2 சேர்ந்து ஏறத்தாழ 25. உப்பையும் சேர்த்தால் திடப்பொருள் கால் பங்குக்குச் சற்று மேல், மீதி தண்ணீர். ஓடும் கிரேவிக்கு இது பொருத்தம். இதையே தொக்குப் பதத்துக்கு, 1,000 கிராம் வரை சுண்டவிட்டால் 100 கிராமுக்குப் புரதம் 17.2, கொழுப்பு 10, மாவுச்சத்து 7, கலோரி 185. கூட்டினால் 34. கரண்டியில் ஒட்டி நிற்கும் பதத்துக்கு அதுவும் சரி. ஆனால் சாதத்தில் ஊற்றினால் ஓடுகிற குழம்புக்கு 45, 50 என்று வந்தால் எங்கோ எண் தவறு: கடாயின் எடையை இரண்டு முறை கழித்திருப்பீர்கள், அல்லது ஒரு பொருளை இரண்டு முறை ஏற்றியிருப்பீர்கள்.

இன்னொரு தடுமாற்றம் உணவு அட்டவணையில் வரும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணை நம் ஊர்ப் பொருட்களுக்கு நல்லது, ஆனால் அதில் ஆற்றல் கிலோஜூலில் கொடுக்கப்பட்டிருக்கும். 4.184-ஆல் வகுத்தால்தான் நாம் கலோரி என்று சொல்வது வரும். வகுக்காமல் ஏற்றினால் கோழிக்கறி 100 கிராமுக்கு 500-ஐத் தாண்டும். அந்த எண்ணைப் பார்த்தவுடனேயே சந்தேகம் வர வேண்டும்.

துண்டும் கிரேவியும் ஒன்றல்ல

இதுவரை சொன்னது பானை முழுவதும் ஒரே கலவை என்று வைத்துக்கொண்டு. கொத்துக்கறி, பருப்பு, கடைந்த கீரை, சூப் போன்றவற்றுக்கு அது உண்மை. கோழித் துண்டு மிதக்கும் கிரேவிக்கு உண்மை இல்லை. எடையைச் சரியாகப் பிடித்த பிறகும் மிஞ்சி நிற்கும் பெரிய பிழை இதுதான்.

வேகும்போது கறியின் புரத இழைகள் சுருங்கித் தங்களுக்குள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. 800 கிராம் பச்சைக்கறி வெந்து முடிந்தபோது 570 கிராம் அளவில் இருக்கும். ஆனால் கவனியுங்கள்: துண்டு இழந்த 230 கிராம் கடாயை விட்டுப் போகவில்லை, கிரேவியில் கலந்துவிட்டது. அதில் ஆவியாகப் போனது போக மீதி இன்னும் அங்கேதான் இருக்கிறது. துண்டு சுருங்கியதை ஒரு முறையும் கடாயின் எடை குறைந்ததை ஒரு முறையும் என்று இரண்டு தடவை திருத்தம் போட்டுவிடக் கூடாது. கடாயைத் தராசில் வைக்கும்போது இரண்டும் சேர்ந்தே கணக்கில் வந்துவிடுகின்றன.

1,350 கிராமில் துண்டுகள் 570 என்றால் கிரேவி மட்டும் 780. கோழியின் புரதம் கிட்டத்தட்ட முழுவதும் துண்டிலேயே தங்குகிறது, சாற்றோடு வெளியே வருவது சிறிதளவே. அதை விட்டுவிட்டு, கோழியில் இருந்ததெல்லாம் துண்டில், மற்றவை கிரேவியில் என்று பிரித்துக்கொண்டால், 100 கிராம் துண்டில் 27.6 கிராம் புரதமும் 170 கலோரியும், 100 கிராம் கிரேவியில் 1.9 கிராம் புரதமும் 113 கலோரியும் வருகின்றன.

அதே 300 கிராம் தட்டை இப்போது பாருங்கள். 200 கிராம் துண்டும் 100 கிராம் கிரேவியுமாக எடுத்தவருக்கு 57 கிராம் புரதம், 453 கலோரி. 60 கிராம் துண்டும் 240 கிராம் கிரேவியுமாக எடுத்தவருக்கு 21 கிராம் புரதம், 373 கலோரி. இருவருமே ஆப்பில் 38 கிராம் புரதம் என்றுதான் பதிந்திருப்பார்கள். கலோரியில் வித்தியாசம் ஓரளவுதான், புரதத்தில் ஒரு வேளை உணவுக்கான அளவே தொலைகிறது.

ஆகவே தட்டில் துண்டை முதலில் போட்டு எடை, TARE, பிறகு கிரேவி ஊற்றி எடை என்று தனித்தனியாகப் பதிவது நல்லது. ஆப்பில் இரண்டு ரெசிபியாக வைத்துக்கொள்ளுங்கள்: ‘கிரேவி–துண்டு’, ‘கிரேவி–சாறு’. முதல் முறை மட்டும் இறக்கியவுடன் துண்டுகளை எடுத்துத் தனியாக எடை போட வேண்டும். 570-ஐ 800-ஆல் வகுத்தால் 0.71. அதே கறியை அதே பாத்திரத்தில் அதே நேரம் வேகவிடும்வரை இந்த விகிதம் அதிகம் மாறாது, அடுத்த முறை துண்டுகளை எடுக்கத் தேவையில்லை.

மேலே பிரிந்து மிதக்கும் எண்ணெயும் இதே ரகம். கடாயை அசைக்காமல் மேலாக அள்ளியவர் எண்ணெயை அள்ளுகிறார், அடியிலிருந்து எடுத்தவர் மசாலாவை எடுக்கிறார். பரிமாறும் முன் அடிவரை கலக்கிவிட்டால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். எண்ணெயை வேண்டுமென்றே வழித்து எடுத்துக் கொட்டுபவர்கள், கொட்டியதை எடை போட்டு, கிராமுக்கு 9 கலோரி என்று மொத்தத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதில் கொஞ்சம் தண்ணீரும் மசாலாவும் சேர்ந்தே வரும், ஆகவே கழிவு சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

எலும்போடு சமைத்தால்? பச்சைக்கறியில் எலும்பு எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம். துண்டுகளை எடை போட்டுச் சாப்பிடுங்கள், தட்டில் மிஞ்சிய எலும்பைத் திரும்ப எடை போட்டுக் கழியுங்கள். கிடைப்பது நீங்கள் சாப்பிட்ட வெந்த சதை. 240 கிராம் துண்டில் 80 கிராம் எலும்பு திரும்பி வந்தால் சதை 160. மேலே வந்த 0.71-ஆல் வகுத்தால் 225 கிராம் பச்சைக்கறிக்குச் சமம். அதை எலும்பில்லாத பச்சைத் தொடைக்கறி என்று பதிந்தால் 44 கிராம் புரதம். நெஞ்சும் தொடையும் கலந்த துண்டுகளாக இருந்தால் சிறிய வித்தியாசம் வரும், அதைத் துரத்திக்கொண்டு போவதில் பலனில்லை.

‘வெந்த கோழி’ பதிவும் ரோஸ்ட்டும்

வெந்த கோழி என்ற பதிவைக் கிரேவிக்கு எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் உலர் சூட்டில் வாட்டிய கறிக்கானது, அதில் எண்ணெயும் மசாலாவும் இல்லை. ரோஸ்ட்டுக்குக்கூட அதைக் கடைசி வழியாகத்தான் சொல்வேன். ஏனென்றால் அந்தப் பதிவுக்குள் ஒரு குறிப்பிட்ட அளவு நீர் இழப்பு ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது.

தோலில்லாத நெஞ்சுக்கறி பச்சையாக 100 கிராமுக்கு 22.5 கிராம் புரதம். ரோஸ்ட் செய்த பதிவில் 31. இரண்டையும் வகுத்தால் 0.73 வருகிறது, அதாவது 100 கிராம் கறி 73 கிராமாகும் வரை வாட்டியிருக்கிறார்கள். உங்கள் ஓவனில் அதுவே நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 500 கிராம் பச்சைக்கறியில் இருப்பது 112 கிராம் புரதம். நீங்கள் சாறு வடியாமல் 400 கிராமில் எடுத்தால் 100 கிராமில் 28 கிராம். மறந்துபோய் 300 கிராமாகும் வரை காயவிட்டால் 37. பதிவு எப்போதும் 31 என்றே சொல்லும். காய்ந்த கறி சாப்பிடுபவருக்குக் குறைத்தும், பதமாக எடுப்பவருக்குக் கூட்டியும் காட்டும். இதைவிட மோசமானது பச்சைக்கறியை எடை போட்டுவிட்டு வெந்த பதிவில் ஏற்றுவது. 500 கிராம் பச்சைக்கறி 155 கிராம் புரதமாகிவிடும், 43 கிராம் காற்றில் பிறந்தது.

ஹோட்டலில் சாப்பிடும்போதோ, யாரோ சமைத்ததைச் சாப்பிடும்போதோ வெந்த பதிவைத் தவிர வேறு வழியில்லை. வீட்டில் வேறு வழி இருக்கிறது: தட்டோடு பச்சை எடை, தட்டோடு வெந்த எடை, மொத்தத்தை வகு.

ஆனால் ரோஸ்ட்டில் கிரேவியில் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. கடாயில் கறியிலிருந்து கசிந்ததெல்லாம் கடாயிலேயே இருக்கும். ஓவனில் கம்பி வலை மேல் வைத்தால் அது கீழே தட்டில் சொட்டும். சொட்டுவது தண்ணீர் மட்டும் அல்ல. தோலோடு இருக்கும் லெக் பீஸிலிருந்து கொழுப்பு உருகி இறங்கும். அதைக் கொட்டிவிட்டால் மொத்தக் கணக்கே குறைகிறது, ஆகவே எடை இழப்பு முழுவதையும் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டால் கொழுப்பு கூடுதலாகக் காட்டும். தோல் நீக்கிய நெஞ்சுக்கறிக்கு இதைக் கண்டுகொள்ள வேண்டாம். தோலோடு இருந்தால், கீழ்த்தட்டில் சேர்ந்ததை ஒரு கிண்ணத்தில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். கொழுப்பு மேலே ஆடையாக உறையும். ஸ்பூனால் வழித்து எடை போட்டு, அந்தக் கிராமைக் கொழுப்பிலிருந்தும், அதன் ஒன்பது மடங்கைக் கலோரியிலிருந்தும் கழியுங்கள். கீழே நிற்கும் ஜெல்லியில் கொஞ்சம் புரதம் இருக்கும், அந்தக் கழிவுக்கு மெனக்கெட வேண்டாம். அந்தச் சாற்றையே திரும்பக் கறி மேல் ஊற்றிச் சாப்பிடுபவர் எதையும் கழிக்கத் தேவையில்லை.

தயிரும் எண்ணெயும் சேர்த்து ஊறவைத்த மசாலாவில் கிண்ணத்திலேயே தங்குவதும் இப்படித்தான். ஊறவைக்கும் முன் மசாலா 180 கிராம், கறியை எடுத்தபின் கிண்ணத்தில் 60 கிராம் என்றால் மூன்றில் ஒரு பங்கு கறியோடு போகவில்லை. மசாலாவின் மேக்ரோவில் மூன்றில் இரண்டை மட்டும் சேருங்கள். கறியிலிருந்து ஊறி வந்த நீரும் அந்த 60-ல் இருக்கும் என்பதால் இது சுமாரான கணக்குதான், ஆனால் முழுவதையும் சேர்ப்பதைவிட நெருக்கமானது.

உறைந்த கறியை வாங்குபவர்கள் உறைநிலையில் எடை போட வேண்டாம். பனி உருகி வடியும் நீர் கறியின் எடை அல்ல. முழுதும் உருகவிட்டு, வடித்து, துடைத்துவிட்டு எடை போட்டால்தான் பச்சை எடை.

பேக்கிங் இதைவிட எளிது. கேக்கிலும் ரொட்டியிலும் சொட்டிப் போவது எதுவும் இல்லை, போவது தண்ணீர்தான். டின்னோடு எடை போட்டு, ஆறிய பிறகு மறுபடி எடை போட்டு வகுக்க வேண்டியதுதான். கலந்த கிண்ணத்தில் ஒட்டி நிற்கும் மாவை மட்டும் பாருங்கள். 900 கிராம் மாவில் 40 கிராம் கிண்ணத்தில் நின்றால் டின்னில் போனது 860, ஆகவே மொத்த மேக்ரோவை 860/900 என்று குறைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். சாதம், பருப்பு எதிர்ப்பக்கம் போகும், எடை ஏறும், ஆனால் வகுத்தல் அதே வகுத்தல்.

எண்ணெயில் பொரிப்பதற்கு மட்டும் இந்த முறை உதவாது. தண்ணீர் வெளியே போகும்போதே எண்ணெய் உள்ளே வருகிறது, எடை வித்தியாசம் இரண்டின் கலவை. அங்கே கடாய் எண்ணெயைப் பொரிப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுத்தான் உள்ளே போன எண்ணெயைப் பிடிக்க முடியும்.

மறுநாள்

ஆம், மாறும். ஆனால் மாறுவது 100 கிராமுக்கான எண்தான். மிச்சத்தில் இருக்கும் மொத்தம் மாறாது. நேற்று 1,350-ல் கலவையாக 300 சாப்பிட்டீர்கள், மீதி 1,050. அதில் இருப்பது 172-ல் 1,050/1,350 பங்கு, 134 கிராம் புரதம். அதைச் சூடு பண்ணும்போது கொதித்து 930 ஆகிவிட்டால் 100 கிராமுக்கு 14.4. பழைய 12.7-ஐ வைத்தே பதிந்தால் 300 கிராமுக்கு ஐந்து கிராம் குறைவாக வரும். கெட்டியாகிவிட்டது என்று அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினால் எதிர்த்திசையில் பிசகும்.

இதைத் தவிர்க்க எளிய வழி, சூடு பண்ணும் முன்பே உங்கள் பங்கைக் குளிர்ந்த நிலையில் எடை போட்டுத் தனியாக எடுத்து, அதை மட்டும் சூடு பண்ணுவது. குளிர்ந்த எடைக்கு நேற்றைய எண் அப்படியே பொருந்தும், மூடிய டப்பாவில் இருந்தவரை. பிறகு அதில் எவ்வளவு தண்ணீர் சேர்த்தாலும், எவ்வளவு சுண்டவிட்டாலும் தட்டில் இருப்பது நீங்கள் ஏற்கெனவே பதிந்ததுதான். குளிரில் கொழுப்பு மேலே உறைந்து நிற்கும் என்பதால் எடுப்பதற்கு முன் அந்த ஆடையை உடைத்து நன்றாகக் கலந்துவிடுங்கள். கலக்க முடியாத அளவுக்கு இறுகியிருந்தால், பானை முழுவதையும் வெதுவெதுப்பாக்கி, கொதிக்கும் முன் இறக்கிக் கலந்து எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சூட்டில் போகும் நீர் பொருட்படுத்தும் அளவில் இருக்காது.